ரூபாயில் வாங்கிய தங்கத்துக்கும் டாலர் விலை

2023 ஜூலையில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரு நாட்டு வியாபாரிகளும் இனி டாலரைத் தேடி அலையாமல் ரூபாயிலும் திர்ஹாமிலும் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே அதன்படி நடந்த ஆரம்பப் பேரங்களில் ஒன்று வெளியே வந்தது. அமீரகத்து ஏற்றுமதியாளர் ஒருவர் இந்திய வியாபாரிக்கு 25 கிலோ தங்கம் விற்றார். விலை சுமார் 12 கோடியே 84 லட்சம் ரூபாய். பணம் டாலராக மாறாமல் ரூபாயாகவே கைமாறியது.

டாலரின் பிடியிலிருந்து தங்க வியாபாரம் நழுவுவதற்கான முதல் படி என்று இதைச் சிலர் கொண்டாடினார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 12.84 கோடியை 25,000 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 5,136 ரூபாய். அன்று டாலர் ஏறத்தாழ 83 ரூபாய். எனவே கிராமுக்கு 61.88 டாலர். ஒரு டிராய் அவுன்ஸ் என்பது 31.1035 கிராம். அதால் பெருக்கினால் அவுன்ஸுக்குச் சுமார் 1,925 டாலர் வருகிறது. அந்த மாதம் லண்டனில் தங்கம் 1,900 டாலரை ஒட்டித்தான் விற்றுக்கொண்டிருந்தது. அதாவது கொடுத்தது ரூபாய். விலையைச் சொன்னது லண்டனும் டாலரும்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் 'டாலரை விட்டு வேறு பணத்துக்குத் தங்க வியாபாரம் மாறினால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்கும். விலை எந்தப் பணத்தில் எழுதப்படுகிறது என்பது ஒன்று. எந்தப் பணத்தில் கொடுக்கப்படுகிறது என்பது இன்னொன்று. அந்த விலை எந்தச் சந்தையில் உருவாகிறது என்பது மூன்றாவது. செய்திகளில் இவை மூன்றும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. நடைமுறையில் தனித்தனியாக நகர்கின்றன.

தங்க விலை எப்போதும் டாலரில் எழுதப்பட்டதல்ல. 1919 செப்டம்பர் 12 அன்று லண்டனில் ராத்சைல்ட் வங்கியின் தலைமையில் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து அன்றைய தங்க விலையை நிர்ணயித்தன. அவுன்ஸுக்கு 4 பவுண்டு 18 ஷில்லிங் 9 பென்ஸ். அதற்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு லண்டன் விலை பவுண்டில்தான் வந்தது; இரண்டாம் உலகப் போரின்போது மூடிய சந்தை 1954 வரை திறக்கவில்லை என்பது மட்டுமே இடைவெளி. அந்தக் காலத்தில் உலகத்துக்குத் தங்கம் கொடுத்தது தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள். அந்தத் தங்கம் கப்பலேறி லண்டனுக்கு வந்தது, லண்டன் விலைக்கு உலகம் வாங்கியது.

ஆனால் அந்த முதல் விலையையே கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். போருக்கு முன்பு இங்கிலாந்தில் சுத்தத் தங்கத்தின் அதிகாரபூர்வ விலை அவுன்ஸுக்கு 4 பவுண்டு 5 ஷில்லிங்குக்குச் சற்றே குறைவு. 1919-ல் அது சுமார் 16 சதவீதம் உயர்ந்திருந்தது ஏன்? அமெரிக்காவில் தங்கத்தின் விலை 20.67 டாலர், அது அசையவே இல்லை. போர்க் கடனில் இளைத்துப்போன பவுண்டுதான் 4.87 டாலரிலிருந்து 4.20 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தைத்தான் புதிய விலை காட்டியது. விலை எழுதப்பட்டது பவுண்டில். ஆனால் அப்போதே நங்கூரம் நியூயார்க்கில் கிடந்தது. டாலரை நீட்டினால் தங்கம் கிடைக்கும் என்ற நிலை அமெரிக்காவில் இருந்தது, இங்கிலாந்தில் இல்லை.

1934 ஜனவரியில் ரூஸ்வெல்ட் அரசு அவுன்ஸ் விலையை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியது. 1944-ல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் மற்ற நாட்டுப் பணங்களெல்லாம் டாலரோடு கட்டப்பட்டன. டாலர் அந்த 35 என்ற எண்ணில் தங்கத்தோடு கட்டப்பட்டது. வெளிநாட்டு மத்திய வங்கி டாலரைக் கொண்டுபோனால் அமெரிக்கக் கருவூலம் அந்த விலைக்குத் தங்கம் தந்தாக வேண்டும். அன்று முதல் பவுண்டு விலை என்பது பெயருக்குத்தான் இருந்தது.

அந்தப் பெயரும் போனது 1968 மார்ச்சில். அதற்கு நான்கு மாதம் முன்பு, 1967 நவம்பரில், பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. அடுத்தது டாலர்தான் என்று எல்லோரும் எண்ணி, 35 டாலருக்குக் கிடைக்கும் வரை தங்கத்தை அள்ளிவிட முண்டியடித்தார்கள். விலையை 35-ல் பிடித்து வைக்க அமெரிக்காவும் ஐரோப்பிய மத்திய வங்கிகளும் தங்கள் கையிருப்பை லண்டனில் கொட்டின. தாங்கவில்லை. அமெரிக்காவின் வேண்டுகோளின்படி மார்ச் 15 அன்று லண்டன் தங்கச் சந்தை மூடப்பட்டது. ஏப்ரல் 1-ல் மீண்டும் திறந்தபோது இரண்டு மாற்றங்கள். விலை பவுண்டிலிருந்து டாலருக்கு மாறியிருந்தது. காலை ஏலத்தோடு, பிற்பகல் 3 மணிக்கு இன்னோர் ஏலமும் சேர்ந்திருந்தது. நியூயார்க் கண்விழித்து வியாபாரத்துக்கு உட்காரும் நேரம் அது.

சந்தை மூடிக் கிடந்த அந்த இரண்டு வாரத்தில் சுவிஸ் வங்கிகள் சும்மா இருக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கத்தின் பெரும்பகுதி சூரிச்சுக்குத் திரும்பியது. ஊர் மாறியது. ஆனால் சூரிச்சில் பிராங்க் உலகத் தங்க விலையின் பணமாக ஆகவில்லை. விலை எழுதும் பணம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்ட ஒன்றைத்தான் பதிவு செய்கிறது, தானாக எதையும் நடத்துவதில்லை என்பதற்கு 1968-ஐவிட நல்ல சான்று கிடையாது.

1971 ஆகஸ்ட் 15-ல் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். அப்போதாவது டாலர் விலை மறைந்திருக்க வேண்டும் அல்லவா? மறையவில்லை. 1974 டிசம்பர் 31 அன்று அமெரிக்கக் குடிமக்கள் தங்கம் வைத்துக்கொள்ள மீண்டும் அனுமதி கிடைத்தது; அதே நாளில் நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையில் தங்கத்தின் எதிர்கால ஒப்பந்த வியாபாரம் தொடங்கியது. தங்கத்தின் மீது கடன் வாங்கவும், விலை இறங்கினால் நஷ்டம் வராமல் ஈடுகட்டி வைக்கவும், நள்ளிரவில்கூட எதிர்த் தரப்பில் ஓர் ஆளைக் கண்டுபிடிக்கவும் டாலர் சந்தையில்தான் முடிந்தது. வாங்குபவர் எங்கே கூடுகிறாரோ அங்கே விற்பவர் வருகிறார். விற்பவர் இருப்பதால் வாங்குபவர் வருகிறார். ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சுழற்சிதான் டாலர் விலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. எந்தச் சட்டமும் இதற்குக் காரணமல்ல.

உண்மையில் இன்றும் உலகம் முழுவதும் டாலரில் மட்டுமே தங்கம் விற்கப்படுவதில்லை. ஜப்பானில் கிராமுக்கு யென். துருக்கியில் லிரா. மும்பையின் எம்.சி.எக்ஸ் சந்தையில் 10 கிராமுக்கு ரூபாய். ஆனால் எம்.சி.எக்ஸ் தங்க வியாபாரம் இரவு பதினொன்றரை மணி வரை, அமெரிக்கக் கடிகாரம் குளிர்காலத்துக்கு மாறும் மாதங்களில் இன்னும் சற்று நேரம் கூடுதலாக நடக்கிறது. இந்திய நகைக்கடை எதுவும் அந்த நேரத்தில் திறந்திருப்பதில்லை. நியூயார்க் விழித்திருக்கும் வரை ரூபாய் விலையும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். 2022 ஜூலையில் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் இந்தியாவுக்கென்றே ஒரு சர்வதேசத் தங்கச் சந்தை திறக்கப்பட்டது. அங்கே வியாபாரம் நடப்பதே டாலரில்தான்.

சரி, நாளை காலை லண்டன் விலை யுவானிலோ யூரோவிலோ வரத் தொடங்கினால் சென்னையில் ஒரு சவரன் விலை மாறுமா? மாறாது. நிலத்தை ஏக்கரில் அளந்தாலும் ஹெக்டேரில் அளந்தாலும் நிலத்தின் பரப்பு அதேதான். யுவான் விலையையும் யுவானுக்கு எதிரான ரூபாய் மதிப்பையும் பெருக்கினால், டாலர் வழியாக வரும் அதே எண்ணுக்குத்தான் வந்து சேர வேண்டும். ஒரு வழியில் மலிவாக இருந்தால் அந்த வழியில் வாங்கி இந்த வழியில் விற்கிறவர்கள் சில நொடிகளில் வித்தியாசத்தைச் சமன் செய்துவிடுவார்கள்.

'டாலரில் விலை வைப்பதால்தான் நமக்குத் தங்கம் ஏறுகிறது' என்ற பேச்சை இலங்கையின் 2022 அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. உலகச் சந்தையில் தங்கம் 1,850 டாலர் என்று வைத்துக்கொண்டால் எட்டு கிராம் பவுன் ஒன்றுக்கு 476 டாலர் வரும். முதல் கணக்கில் அது 95,000 ரூபாய். இரண்டாவதில் 1,71,000 ரூபாய். தங்கம் இருந்த இடத்தில் இருந்தபோதே யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாலி செய்யப் போன குடும்பங்களுக்கு விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. விலை யுவானில் வந்திருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்களா? இலங்கை ரூபாய் யுவானுக்கு எதிரேயும் அதே போலத்தான் விழுந்தது. அந்தச் சுமை வந்தது அந்நியச் செலாவணி வற்றிப்போனதால். விலைப் பலகையில் எழுதியிருந்த பணத்தின் பெயரால் அல்ல.

அப்படியானால் எதுவுமே மாறாதா? மாறும். ஆனால் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல. அதைப் பார்க்கச் சீனாவுக்குப் போக வேண்டும்.

உலகிலேயே அதிகமாகத் தங்கம் வெட்டி எடுப்பதிலும், வாங்கிக் குவிப்பதிலும் முன்வரிசையில் நிற்கும் நாடு சீனா. ஷாங்காய் தங்கச் சந்தை 2002-ல் தொடங்கியது. 2016 ஏப்ரல் 19 முதல் லண்டனைப் போலவே தினமும் இரண்டு ஏலம் நடத்தித் தனக்கென ஓர் அடிப்படை விலையை அறிவிக்கிறது. கிராமுக்கு இத்தனை யுவான். கட்டியும் வேறு. லண்டனின் கட்டி சுமார் 400 அவுன்ஸ், அதாவது பன்னிரண்டரை கிலோ, தூய்மை குறைந்தது 99.5 சதவீதம்; ஷாங்காய் ஏலத்துக்கு ஒரு கிலோ கட்டி, தூய்மை 99.99. டாலர் விலைக்கு எதிரே நிறுத்தப்பட்ட முழுமையான மாற்று விலை ஒன்று உண்டென்றால் அது இதுதான். 2025-ல் ஹாங்காங்கிலும் அந்தச் சந்தை பெட்டகம் ஒன்றைத் திறந்தது.

யுவான் விலையை 31.1035-ஆல் பெருக்கி, ஒரு டாலருக்கு எத்தனை யுவானோ அதால் வகுத்தால் லண்டன் விலையோடு ஒப்பிடலாம். வழக்கமாக வித்தியாசம் பத்து டாலருக்குள் அடங்கிவிடும். 2023 செப்டம்பர் நடுவில் அது 100 டாலரைத் தாண்டியது. ஐந்து சதவீதம் கூடுதல். தங்க வியாபாரத்தில் அரை சதவீத வித்தியாசத்துக்கே விமானம் பிடித்துத் தங்கம் கொண்டுபோவார்கள். ஐந்து சதவீதம் என்பது நம்ப முடியாத அளவு. லண்டனில் வாங்கி ஷாங்காயில் விற்று ஏன் யாரும் அந்த லாபத்தை எடுக்கவில்லை?

எடுக்க விடவில்லை என்பதுதான் பதில். சீனாவுக்குள் தங்கம் இறக்குமதி செய்ய வங்கிகளுக்கு மத்திய வங்கியின் ஒதுக்கீடு வேண்டும். அந்த நாட்களில் யுவான் பலவீனமாக இருந்தது. தங்கம் வாங்க வேண்டுமென்றால் வங்கிகள் யுவானை விற்று டாலர் வாங்க வேண்டும். அது யுவானை இன்னும் கீழே தள்ளும். அதனால் ஒதுக்கீடு இறுக்கப்பட்டது. உள்ளே வீடும் பங்குச் சந்தையும் கைவிட்ட மக்கள் தங்கத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கதவு அடைபட்டதால் விலை மேலே போயிற்று. 2020-ல் இதன் மறுபக்கம் நடந்தது. கொரோனாவால் சீனாவில் நகை வாங்குவோர் குறைய, ஷாங்காய் விலை லண்டனைவிடப் பல பத்து டாலர் கீழே விழுந்து மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. மலிவாகக் கிடக்கும் தங்கத்தை வெளியே எடுத்து விற்கவும் தாராளமாக வழியில்லை.

உலகத் தங்க வியாபாரம் யுவானுக்கு மாறினால் முதலில் உணரப்படும் மாற்றம் இதுதான். விலையோடு பெய்ஜிங்கின் இறக்குமதி ஒதுக்கீட்டுக் கொள்கையும் சேர்ந்து வரும். ஒரு கோயம்புத்தூர் நகைத் தொழிலதிபர் தான் வாங்கிய நூறு கிலோ தங்கத்துக்கு ஷாங்காயில் ஈடுகட்டி வைத்திருந்தால், 2023 செப்டம்பரில் உலக விலை அசையாமலேயே அவர் கணக்கில் ஐந்து சதவீதம் புரண்டிருக்கும். அப்படிப்பட்ட விலையை மற்ற நாடுகள் தங்கள் அளவுகோலாக ஏற்கத் தயங்குவது நியாயமே.

டாலர் சந்தையில் விரிசலே வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2020 மார்ச் கடைசியில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே விலை பல பத்து டாலர் பிளந்தது. இரண்டு ஊரிலும் டாலர்தான். நியூயார்க் ஒப்பந்தத்துக்கு 100 அவுன்ஸ் கட்டியோ ஒரு கிலோ கட்டியோ வேண்டும். லண்டனில் இருந்ததெல்லாம் 400 அவுன்ஸ் கட்டி. அவற்றை உருக்கிச் சிறிதாக்கும் சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநில ஆலைகள் ஊரடங்கில் மூடியிருந்தன, விமானங்களும் நின்றிருந்தன. விலையை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது தங்கமும் பணமும் தடையின்றி ஓடும் ஓட்டமே என்பதை அந்த வாரங்கள் காட்டின. ஆனால் அந்த விரிசல் ஆலை திறந்ததும் மூடத் தொடங்கியது. 

ஒரு நாடு தன் பணத்தில் தங்க விலையைத் தானே அறிவித்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்திருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய மறுமாதம், 2022 மார்ச் 25 அன்று, ரஷ்ய மத்திய வங்கி ஓர் அறிவிப்பு செய்தது. மார்ச் 28 முதல் ஜூன் 30 வரை உள்நாட்டு வங்கிகளிடமிருந்து கிராமுக்கு 5,000 ரூபிள் என்ற நிலையான விலைக்குத் தங்கம் வாங்கும். ரூபிள் மீண்டும் தங்கத்தோடு கட்டப்பட்டுவிட்டது என்று பலர் எழுதினார்கள். அறிவித்த அன்று உலக விலையை ரூபிளில் போட்டால் ஆறாயிரத்தை ஒட்டி வந்தது; 5,000-க்கு யாரும் விற்கப் போவதில்லை. ஆனால் இரண்டே வாரத்தில் ரூபிள் வேகமாக மீண்டு எழ, உலக விலை 5,000 ரூபிளுக்குக் கீழே இறங்கியது. இப்போது மத்திய வங்கிதான் சந்தையைவிட அதிகம் கொடுக்க வேண்டிய நிலை. ஏப்ரல் 8 முதல் நிலையான விலை கைவிடப்பட்டு, பேசி முடிக்கும் விலை வந்தது. ஜூன் 30 வரை என்று சொன்ன ஏற்பாடு பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. வாங்குவதற்கு மட்டும் விலை சொல்லி, அந்த விலைக்குத் தங்கத்தைத் திருப்பித் தர உறுதி கொடுக்காத எந்தப் பணமும் தங்கத்தோடு கட்டப்பட்டதாகாது.

ஆனால் ரஷ்யாவும் சீனாவும் டாலரை விட்டு விலகத் துடிப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அது விலையைப் பற்றியதல்ல, பணம் போகும் பாதையைப் பற்றியது. டாலரில் நடக்கும் பெரிய பட்டுவாடா எதுவும் கடைசியில் அமெரிக்க வங்கி முறையைத் தொட்டே தீரும். அங்கே கதவைச் சாத்தினால் வியாபாரம் நின்றுவிடும். 2022-ல் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலர் மதிப்புள்ள வெளிநாட்டுக் கையிருப்பு முடக்கப்பட்டதை எல்லா நாட்டு நிதியமைச்சர்களும் பார்த்தார்கள். 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் மத்திய வங்கிகள் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. ரிசர்வ் வங்கி 2023-24 நிதியாண்டில் பிரிட்டனில் இருந்த தன் தங்கத்தில் 100 டன்னை இந்தியாவுக்கே கொண்டுவந்தது. கொடுக்கல் வாங்கல் வேறு பணத்துக்கு மாறினால் இந்தக் கதவைச் சாத்தும் அதிகாரம் வாஷிங்டனிடமிருந்து குறையும். இது உண்மையான, பெரிய மாற்றம். இந்தியா போன்ற நாடுகள் இதற்கு ஆயத்தமாவது அவசியம்தான்.

அதற்கும் ஒரு விலை உண்டு. 25 கிலோ தங்கம் விற்ற அமீரகத்து வியாபாரிக்குக் கிடைத்த 12.84 கோடி ரூபாயை அவர் என்ன செய்வார்? இந்தியாவில் ஏதாவது வாங்கலாம். இல்லையென்றால் திர்ஹாமாக மாற்ற வேண்டும். திர்ஹாமோ 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்ட பணம். கச்சா எண்ணெய் விற்ற ரஷ்யாவுக்கும் இதே சிக்கல் வந்தது. பல நூறு கோடி ரூபாய் இந்திய வங்கிகளில் கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வழியில்லை என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் வெளிப்படையாகவே சொன்னார். ரூபாயில் தங்கம் விற்க ஆள் கிடைப்பார். கிடைத்த ரூபாயை உலகில் எங்கும் செலவழிக்கவும் முதலீடு செய்யவும் வழி இருந்தால்தான் அடுத்த முறையும் விற்பார்.

ஆக, டாலர் விலை ஆட்டம் காண்கிறதா என்று அறிய விரும்புகிறவர்கள் மாநாட்டு அறிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. லண்டன் விலைக்கும் ஷாங்காய் விலைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கவனித்தால் போதும். யுவான் தள்ளாடும் மாதங்களிலும் அந்த வித்தியாசம் பத்து டாலருக்குள் நிலைத்தால், சீனா தங்கத்துக்கும் பணத்துக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று பொருள்; அதற்குப் பிறகு உலக விலை யுவானில் எழுதப்படுவதைப் பற்றிப் பேசலாம். நகை வாங்கும் சாதாரணக் குடும்பத்துக்கோ அன்றும் பார்க்க வேண்டியவை இதே நான்குதான்: உலக விலை, ரூபாயின் மதிப்பு, இறக்குமதிச் சுங்க வரி, கடைக்காரர் போடும் செய்கூலி சேதாரம். 2024 ஜூலை பட்ஜெட்டில் அந்தச் சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தபோது சவரன் விலை இறங்கிய அளவுக்கு, விலை எழுதும் பணத்தை மாற்றி எந்த நாட்டு மாநாடும் இறக்கிவிட முடியாது.